மே மாதத்துக்கும் சேர்த்து ஒரு கணக்கு

அண்ணாச்சி எங்கள் கல்லூரியில் கான்டீன் குத்தகை எடுத்து அது இரண்டாவது வருஷம். ஒரு நாள் மதியம், கூட்டம் கலைந்த பிறகு, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய நீள நோட்டு ஒன்றை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். நான் வணிகவியல் துறையில் அடக்கவிலைக் கணக்கு நடத்துகிறவன். வாரத்துக்கு நாலு வகுப்பு, கரும்பலகையில் பிரேக் ஈவன் கோடு போடுகிறவன். அது அவருக்குத் தெரியும்.

"சார், ஜூலை, ஆகஸ்ட்ல பாத்தா கையில முப்பதாயிரம் நிக்கி. நல்லாத்தான் ஓடுதுன்னு நெனைக்கேன். மே மாசம் வந்தா வீட்டுக்காரி வளையல அடகு வைக்கேன். போன வருசமும் இதே கததான். காசு எங்க போவுதுன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்."

நோட்டில் திருட்டு இல்லை, மறைப்பு இல்லை. தினமும் கல்லாவில் விழுந்தது ஒரு பக்கம், செலவு மறுபக்கம் என்று ஒழுங்காக எழுதியிருந்தார். ஆனால் அவர் போட்டிருந்தது ஒரு மாதக் கணக்கு. கல்லூரி கான்டீனுக்கு மாதக் கணக்கு பொருந்தாது. அது ஏன் என்பதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்லப் போகிறேன். எண்கள் அவருடைய நோட்டில் இருந்தவைதான். தலையில் நிற்கட்டும் என்று சில்லறையை மட்டும் வெட்டி முழுமையாக்கியிருக்கிறேன்.

முதலில் செலவை இரண்டாகப் பிரித்தோம். ஒருவரும் சாப்பிட வராவிட்டாலும் கொடுத்தே ஆக வேண்டிய செலவு ஒன்று. ஆள் வந்து சாப்பிட்டால்தான் ஏற்படுகிற செலவு இன்னொன்று. கல்லூரிக்கு வாடகை மாதம் 25,000. சமையல் மாஸ்டருக்கு 27,000, டீ மாஸ்டருக்கு 18,000, சமையலுக்கு உதவும் அம்மாவுக்கு 12,000, பரிமாறும் பையன்கள் இருவருக்கும் சேர்த்து 24,000, பாத்திரம் கழுவிப் பெருக்கும் அம்மாவுக்கு 9,000. ஆகச் சம்பளம் 90,000. கரண்ட், உரிமக் கட்டணம், கிரைண்டர் ரிப்பேர், தண்ணீர் என்று ஒரு 10,000. மொத்தம் மாதத்துக்கு 1,25,000. இது நிலையான செலவு. அரிசி, பால், எண்ணெய், காய்கறி, கேஸ், பேப்பர் கப் எல்லாம் அடுத்த வகை. நூறு டீ போட்டால் நூறு டீக்கு உண்டான பால், போடாவிட்டால் பால் இல்லை.

இந்தப் பிரிவினை எளிதாகத் தோன்றும். நடைமுறையில் சண்டை வருவது கேஸில்தான். 19 கிலோ வணிக சிலிண்டர் மாதத்துக்கு இத்தனை என்று பழகிப்போனதால், அண்ணாச்சி அதை வாடகை மாதிரி நிலையான செலவில் எழுதியிருந்தார். ஆனால் சோறு கூட வெந்தால் கேஸும் கூட எரிகிறது. அதை எடுத்து உணவுச் செலவோடு சேர்த்தோம். கரண்ட் பில்லில் கிரைண்டர் ஓடுவதற்கு ஏற்பக் கொஞ்சம் கூடிக் குறையும். ஆனால் ஃபிரிட்ஜும் விளக்கும்தான் பெரும்பகுதி என்பதால் அதை நிலையானதிலேயே விட்டுவிட்டோம். இதில் நூல் பிடித்தாற்போல் துல்லியம் தேவையில்லை. பெரிய தொகை தவறான பக்கம் உட்காராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அடுத்தது, ஒரு டீ விற்றால் உண்மையில் என்ன மிஞ்சுகிறது? டீ 12 ரூபாய். பால் 60 மில்லி, லிட்டர் 50 ரூபாய் வீதம் 3 ரூபாய். டீத்தூள் 90 காசு, சர்க்கரை 45 காசு, கேஸ் 45 காசு, பேப்பர் கப் 60 காசு. ஆக 5 ரூபாய் 40 காசு. மிஞ்சுவது 6 ரூபாய் 60 காசு. இதைப் பாடப்புத்தகம் 'பங்களிப்பு' என்கிறது. நானும் அண்ணாச்சியும் 'மிச்சம்' என்றே சொல்லிக்கொண்டோம். இந்த மிச்சம் லாபம் இல்லை என்பதை அவருக்குப் புரியவைக்கத்தான் நேரம் பிடித்தது. 6.60 என்பது வாடகைக்கும் சம்பளத்துக்கும் போய்ச் சேர வேண்டிய காசு. அந்த 1,25,000 நிரம்பும் வரை ஒவ்வொரு டீயும் அந்தக் குழியில்தான் விழுகிறது. குழி நிரம்பிய பிறகு விற்கிற டீயில்தான் லாபம் தொடங்குகிறது. நிரம்புகிற அந்த இடம்தான் பிரேக் ஈவன். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், கட்டுப்படியாகிற இடம்.

எல்லாப் பொருளிலும் மிச்சம் ஒன்றுபோல் இல்லை. ஒரு சராசரி நாளில் அவருக்கு 14,000 ரூபாய் விற்பனை. டீ, காபியில் 3,200, வடை பஜ்ஜியில் 2,000. இவை இரண்டிலும் நூற்றுக்கு 55 ரூபாய் மிஞ்சுகிறது. காலை டிபன் 2,800, அதில் பாதி மிச்சம். மதியச் சாதம் 4,000, அதில் நூற்றுக்கு 45. பிஸ்கட், சிப்ஸ், பாட்டில் குளிர்பானம் எல்லாம் சேர்த்து 2,000. அவற்றில் பாக்கெட்டில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்க முடியாது, மிச்சம் நூற்றுக்கு 12தான். கூட்டிப் பார்த்தால் 14,000 விற்பனைக்கு மிச்சம் 6,300. சராசரியாக நூற்றுக்கு 45 ரூபாய்.

இப்போது அண்ணாச்சியின் பழைய கணக்கைப் பாருங்கள். மாதச் செலவு 1,25,000. கான்டீன் மாதம் 25 நாள் திறந்திருக்கும். ஆக ஒரு நாளைக்கு 5,000. நூற்றுக்கு 45 மிஞ்சுவதால், 5,000 மிஞ்ச வேண்டுமென்றால் நாளைக்குச் சுமார் 11,100 விற்க வேண்டும். அவர் 14,000 விற்கிறார். அப்படியானால் தினமும் 1,300, மாதத்துக்கு 32,500 லாபம். ஜூலையிலும் ஆகஸ்டிலும் அவர் கையில் நின்ற பணம் இதுதான். கணக்கில் கூட்டல் பிழை கிடையாது.

பிழை அந்த '25 நாள்' என்பதில் இருந்தது.

கல்வியாண்டில் குறைந்தது 180 நாள் பாடம் நடக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த அளவு. பெரும்பாலான கல்லூரிகளில் வகுப்பு நாள் அதை ஒட்டியேதான் நிற்கும். அது போக, செமஸ்டர் தேர்வு நாட்கள். தேர்வு எழுதுகிறவன் மட்டும் வருவான், எழுதிவிட்டு நேரே பஸ் ஏறுவான். அந்த நாட்களில் பாதிக் கூட்டம் வந்தாலே பெரிது. நாட்காட்டியை விரித்து வைத்து எண்ணினோம். முழுக் கூட்டம் உள்ள நாள் 180, பாதிக் கூட்ட நாள் 40. முழு நாளாக மாற்றினால் வருஷத்துக்கு 200 நாள். மீதி நாட்களில் கான்டீன் ஷட்டர் இறங்கியிருக்கும். ஆனால் ஒப்பந்தத்தில் வாடகை பன்னிரண்டு மாதத்துக்கும் உண்டு. மாஸ்டரை மே மாதம் சம்பளம் இல்லாமல் விட்டால் ஜூனில் வேறு கடையில் இருப்பார். நல்ல மாஸ்டரை இழந்த கான்டீன் திரும்ப எழ ஒரு செமஸ்டர் ஆகும்.

ஆகவே வருஷத்துக்கு நிலையான செலவு 15 லட்சம். அதைச் சுமக்கிற நாட்கள் 200. ஒரு முழு நாள் 5,000 இல்லை, 7,500 சுமக்க வேண்டும். அதற்கு விற்பனை சுமார் 16,700 வேண்டும். 14,000 விற்கிற அண்ணாச்சி, தினமும் 1,300 லாபம் என்று நினைத்த நாட்களில் உண்மையில் தினமும் 1,200 நட்டப்பட்டுக்கொண்டிருந்தார். 200 நாளுக்கு 2,40,000. வளையல் போன வழி அதுதான்.

இதைத் தாளில் எழுதிக் காட்டியபோது அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்பம் எனக்குச் சம்பளம்?"

அது இன்னும் கணக்கிலேயே வரவில்லை. காலை ஆறு மணிக்கு வந்து, கல்லாவில் உட்கார்ந்து, மாலை ஆறுக்குப் பூட்டுகிறவர் அவர். அந்த இடத்தில் ஓர் ஆளை வைத்தால் மாதம் 20,000 கொடுக்க வேண்டும். சிறு கடைக்காரர்கள் பெரும்பாலும் தங்கள் உழைப்பைச் செலவில் எழுதுவதில்லை, 'மிஞ்சுவது எனக்கு' என்று விட்டுவிடுவார்கள். அதனால் பிரேக் ஈவன் என்று கணக்கு காட்டுகிற இடத்தில் அவர்கள் வருஷம் முழுக்க இலவசமாக உழைத்திருப்பார்கள். அவருடைய சம்பளத்தையும் சேர்த்தால் நாளொன்றுக்கு இன்னொரு 1,200 கூடும், விற்பனை 19,000ஐத் தாண்ட வேண்டும். முதலில் நட்டத்தை அடைப்போம், அடுத்த படி உங்கள் சம்பளம் என்று பேசிக்கொண்டோம். ஆனால் இரண்டு எண்ணையும் அவர் நோட்டின் முதல் பக்கத்தில் எழுத வைத்தேன். ஒன்று மறைந்திருந்தால் மற்றொன்று போதும் என்று தோன்றிவிடும்.

1,200 ரூபாய் ஓட்டையை எப்படி அடைப்பது? கடைக்காரர் மனதில் முதலில் வருவது விலையேற்றம். எனக்கு முதலில் அடுப்படியைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. தக்காளி சாதம் செய்யும் நாளில் மாஸ்டர் பக்கத்தில் போய் நின்றேன்.

பத்து கிலோ அரிசி, 520 ரூபாய். தக்காளி ஐந்து கிலோ 150, வெங்காயம் மூன்று கிலோ 90, எண்ணெய் 168, இஞ்சி பூண்டு மசாலா 120, கேஸ் 190, தொட்டுக்கொள்ள அப்பளமும் ஊறுகாயும் 120, புதினா, மல்லி, உப்பு 42. சரியாக 1,400. அந்த அண்டாவிலிருந்து 80 தட்டு வரும். ஒரு தட்டுக்கு 17 ரூபாய் 50 காசு. விலை 35. சரிபாதி மிச்சம். ஆனால் நோட்டில் பாதி மிச்சம் இல்லை, நூற்றுக்கு 45க்கும் கொஞ்சம் குறைவாகவே இருந்தது. அந்த மீதி எங்கே? மதியம் இரண்டரைக்கு அண்டாவின் அடியில் இருந்தது. எண்பதில் 72 தட்டு விற்றது, எட்டு தட்டுக்கான சாதம் வாளியில் போனது.

வீணாகிற ஒரு தட்டுக்கு அடக்கம் 17.50. விற்கிற ஒரு தட்டில் மிச்சம் 17.50. அதாவது வாளியில் கொட்டுகிற ஒவ்வொரு தட்டும், விற்ற ஒரு தட்டின் மிச்சத்தைக் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. எட்டு தட்டு வீணானால் 140 ரூபாய். அது தக்காளி சாதத்தில் மட்டும். டிபனில் மிஞ்சும் மாவையும் பொங்கலையும் சேர்த்தால் நாளுக்கு இருநூறுக்குக் குறையாது.

அப்படியானால் குறைத்துச் சமைத்துவிடலாமே என்றால், அதிலும் ஒரு விலை உண்டு. பன்னிரண்டே முக்காலுக்கே அண்டா காலியாகி எட்டுப் பிள்ளைகள் திரும்பிப் போனால், ஒருவருக்கு 17.50 வீதம் அதே 140 போகிறது. மிஞ்சினாலும் பற்றாமல் போனாலும் நட்டம் ஒன்றுதான் என்கிற இந்த நிலையில், பத்து நாளில் ஐந்து நாள் கொஞ்சம் மிஞ்சி, ஐந்து நாள் கொஞ்சம் பற்றாமல் போகிற அளவுதான் சரியான அளவு. எப்போதுமே மிஞ்சுகிறது என்றால் கூடச் சமைக்கிறோம் என்று அர்த்தம். அடக்கம் விலையில் பாதிக்கு மேல் போகிற முழுச் சாப்பாட்டில் இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். டீக்கு இந்தத் தொல்லையே இல்லை, கேட்டால்தான் போடுகிறோம்.

மாஸ்டரிடம் அளவைக் குறைக்கச் சொல்வது அண்ணாச்சிக்குச் சங்கடமாக இருந்தது. 'பத்தலைன்னா எம்பேர்தானே கெடும்' என்பது மாஸ்டர் நியாயம். அதில் தவறில்லை. ஆகவே அளவைக் குறைக்கச் சொல்லாமல், கல்லூரிக் கால அட்டவணையை அடுப்படிச் சுவரில் ஒட்டினோம். எந்தெந்தக் கிழமை மதியம் வகுப்பு இல்லாமல் எந்தத் துறை வீட்டுக்குப் போகிறது, எந்தக் கிழமை செய்முறை வகுப்பால் வேதியியல், இயற்பியல் பிள்ளைகள் மாலை வரை இருக்கிறார்கள் என்பது அதில் இருந்தது. வெள்ளிக்கிழமை ஏன் எப்போதும் மிஞ்சுகிறது என்று மாஸ்டருக்கு அன்றுதான் தெரிந்தது. அதன் பிறகு வெள்ளிக்கு எட்டு கிலோ, செவ்வாய்க்கு பதினொரு கிலோ என்று அவரே மாற்றிக்கொண்டார்.

இரண்டாவது இடம் கல்லா. காலை இடைவேளை 11 மணி முதல் 11.20 வரை. கல்லூரி கான்டீனின் வியாபாரம் நாள் முழுக்கப் பரவி நடப்பதில்லை, இந்த மாதிரி இரண்டு இருபது நிமிஷத்திலும் மதியம் முக்கால் மணி நேரத்திலும் அடங்கிவிடுகிறது. ஒரு நாள் தூணோரம் நின்று கடிகாரம் பார்த்தேன். ஒரு பிள்ளை வந்து, 'ரெண்டு டீ ஒரு வடை' என்று சொல்லி, ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டி, சில்லறை வாங்கி, டோக்கனோடு நகர எட்டு விநாடி. இருபது நிமிஷம் என்பது 1,200 விநாடி. அண்ணாச்சி இமைக்காமல் வேலை செய்தாலும் 150 பேருக்கு மேல் டோக்கன் கிழிக்க முடியாது. டீ மாஸ்டர் கையில் இன்னும் வேகம் மிச்சம் இருந்தது. தட்டில் வடையும் இருந்தது. வரிசைதான் நகரவில்லை. 11.20க்கு மணி அடித்தபோது முப்பது, முப்பத்தைந்து பேர் காசைச் சட்டைப்பையில் திரும்பப் போட்டுக்கொண்டு வகுப்புக்கு ஓடினார்கள்.

ஒரு டீயும் ஒரு வடையும் சேர்ந்தால் மிச்சம் 12 ரூபாய்க்கு மேல். காலை, மாலை இரண்டு இடைவேளையிலும் சேர்த்து ஐம்பது பேரை இழக்காமல் இருந்தால் நாளுக்கு 600. இதற்கு வாடகை கூடாது, ஆள் கூடாது. பரிமாறும் பையன்களில் ஒருவரை அந்த இருபது நிமிஷம் மட்டும் தனி மேசையில் உட்காரவைத்து, டீக்கும் வடைக்கும் மட்டும் டோக்கன் கொடுக்கச் சொன்னோம். பத்து டீ டோக்கன் ஒரு கட்டு என்று முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளவும் ஏற்பாடு. ஆசிரியர்கள் அறையில் அந்தக் கட்டு உடனே பிடித்துப்போனது.

அந்தச் சமயத்தில் அண்ணாச்சிக்கு வேறொரு யோசனையும் வந்தது. குளிர்பானக் கம்பெனிக்காரர் ஒரு கண்ணாடி ஃபிரிட்ஜ் இலவசமாக வைக்கிறேன் என்றிருக்கிறார். "நாளைக்கு ரெண்டாயிரம் சேந்து விக்கும் சார், பதினாறாயிரம் ஆயிரும், நீங்க சொன்ன பதினாறு எழுநூறு பக்கத்துல வந்துரும்லா?" இந்த இடத்தில்தான் பிரேக் ஈவன் எண்ணைக் குருட்டுத்தனமாகப் பிடித்துக்கொள்கிறவர்கள் வழுக்குகிறார்கள். 16,700 என்ற எண், விற்பனையில் டீ இவ்வளவு, சாதம் இவ்வளவு, பாக்கெட் இவ்வளவு என்ற இப்போதைய கலவை மாறாமல் இருந்தால்தான் செல்லும். 2,000 ரூபாய்க்குப் பாட்டில் விற்றால் கிடைக்கும் மிச்சம் 240. அதே 2,000க்கு டீ விற்றால் 1,100. பாட்டில் வந்தபின் கல்லா கனக்கும், மிச்சம் கனக்காது. அதிலும் அந்தப் பாட்டிலை வாங்குகிற பிள்ளை டீயை விட்டுவிட்டு வாங்கினால் குறையவே செய்யும். ஆகவே பார்க்க வேண்டிய எண் விற்பனை இல்லை, மிச்சம். ஃபிரிட்ஜ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை வைத்துக் கணக்கு சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம் என்றேன். அவர் கடைசியில் மறுத்துவிட்டார், அந்த இடத்தில்தான் டோக்கன் மேசை போட்டிருக்கிறோம்.

மூன்றாவது, வாடகை. கான்டீன் கமிட்டியில் நானும் ஓர் உறுப்பினர் என்பதால் இதைப் பேசுவது எனக்கு எளிதாக இருந்தது என்று சொல்ல முடியாது. கல்லூரி பூட்டியிருக்கிற மாதங்களுக்கு வாடகை வாங்குவது ஒப்பந்தப்படி சரி. ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? பிள்ளைகளின் தட்டிலிருந்துதான். வருஷத்துக்கு 50,000 ரூபாயை 200 நாளால் வகுத்தால் நாளுக்கு 250. அது சாதத்தின் அளவிலோ எண்ணெயின் தரத்திலோதான் கடைசியில் கழியும். இதை ஒரு தாளில் எழுதிக் கமிட்டியில் வைத்தோம். மறுவருஷ ஒப்பந்தத்தில் வாடகை பத்து மாதத்துக்கு என்று மாறியது.

சம்பளத்தைத் தொட வேண்டாம் என்று நாங்கள் இருவருமே முடிவு செய்திருந்தோம். பாத்திரம் கழுவும் அம்மாவை நாள் கூலிக்கு மாற்றினால் காகிதத்தில் நிலையான செலவு குறையும். மே மாதம் அந்த வீட்டில் அடுப்பு எரிவது நின்றுவிடும். செலவை நிலையானது, மாறுவது என்று பிரிக்கும்போது, 'மாறுவது' என்ற பக்கத்துக்கு ஒரு மனிதரை நகர்த்துகிறோம் என்பதை என் மாணவர்களுக்கும் இப்போது சொல்லித்தான் அந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன்.

அதற்குப் பதிலாக, சம்பளம் கொடுத்தாகிவிட்ட விடுமுறை நாட்களை எப்படிப் பயன்படுத்துவது என்று யோசித்தோம். விடைத்தாள் திருத்தும் முகாம் எங்கள் கல்லூரியில் நடக்கும். நூறு ஆசிரியர்கள், பதினைந்து நாள். அண்ணாச்சி முன்பு அதை வெளியே ஒரு சமையல்காரருக்கு விட்டிருந்தார், 'லீவு நாள்ல எதுக்கு' என்று. ஆனால் மாஸ்டர் சம்பளம் அந்த மாதம் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. புதிதாக வருகிற செலவு உணவுப் பொருள் மட்டும்தான். ஒருவருக்கு இரண்டு டீ, ஒரு வடை, ஒரு சாப்பாடு என்றால் மிச்சம் சுமார் 45 ரூபாய். முகாம் முடிந்தபோது 67,500 கையில் நின்றது. அது அப்படியே அவருடைய உழைப்புக்கான முதல் சம்பளம்.

விலையேற்றம் கடைசியில் வந்தது. சாத வகைகளுக்கு 2 ரூபாய். ஏற்றுவதற்கு முன் ஒரு கணக்கு பார்த்துக்கொண்டோம். தக்காளி சாதத்தை 35லிருந்து 37 ஆக்கினால் மிச்சம் 17.50லிருந்து 19.50 ஆகும். 72 தட்டு விற்கிற இடத்தில் எத்தனை பேர் கேட்டுக்கு வெளியே தள்ளுவண்டிக்குப் போனால் பழைய நிலைக்கு வருவோம்? ஏழு பேர் போனால் சரிக்குச் சரி. எட்டாவது ஆள் போனால் ஏற்றியதே நட்டம். மாஸ்டர் நாலைந்து பேர் குறைவார்கள் என்றார், அப்படித்தான் குறைந்தது. எல்லாச் சாதத்திலும் சேர்த்து நாளுக்குச் சுமார் 150 நின்றது. ஐந்து ரூபாய் ஏற்றியிருந்தால் தட்டுக்கு மிச்சம் கூடியிருக்கும். ஆனால் விடுதிப் பிள்ளைகள் கையில் இருக்கிற காசு எனக்குத் தெரியும். அவர்கள் மதியத்தை இரண்டு பஜ்ஜியோடு முடித்துக்கொள்வார்கள்.

டோக்கன் மேசையில் 600, வீணாவதைக் குறைத்ததில் 200, விலையில் 150. மிச்சம் 6,300லிருந்து 7,250 ஆனது. வாடகை குறைந்ததில் சுமக்க வேண்டியது 7,500லிருந்து 7,250 ஆனது. இரண்டும் ஒரே எண்ணில் வந்து நின்றன. நாங்கள் திட்டமிட்டபடியே எல்லாம் நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். முதல் இரண்டு மாதம் டோக்கன் மேசையில் சில்லறைக் குழப்பம், 600க்குப் பதில் 400தான் வந்தது.

இந்தக் கணக்கு உடைகிற இடமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது பலருக்கும் நினைவிருக்கும். அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. கிலோ 120 என்று வைத்துக்கொண்டால் ஒரு அண்டாவுக்கு 450 ரூபாய் கூடும். 72 தட்டில் நின்ற 1,120 மிச்சம் 670க்கு இறங்கும். அந்த மாதிரி வாரத்தில் விலையை ஏற்றுவதா, தக்காளியைக் குறைத்து நிறத்துக்குப் பொடி தூவுவதா என்று கடைக்காரர் தடுமாறுவார். எலுமிச்சை சாதத்துக்கும் புளி சாதத்துக்கும் மாறிவிடுவதுதான் நேர்மையான வழி. அதற்கு மாஸ்டருக்கு அன்றன்றைக்குக் காய்கறி விலை தெரிந்திருக்க வேண்டும். அடக்கவிலைச் சீட்டை மாதம் ஒருமுறை திருத்தினால் போதாது, சந்தைக்குப் போய் வருகிற நாளெல்லாம் தக்காளி, வெங்காயம், எண்ணெய் மூன்றையும் மட்டுமாவது திருத்த வேண்டும்.

இன்னொன்று, நிலையான செலவும் ஓர் எல்லை வரைதான் நிலையாக நிற்கும். மதியம் நூற்றைம்பது தட்டு என்று வந்தால் ஒரு மாஸ்டரால் முடியாது, உதவி மாஸ்டர் வேண்டும். அன்றைக்கு மாதச் செலவு ஒரே எட்டில் பதினைந்தாயிரம், இருபதாயிரம் ஏறும், பிரேக் ஈவனும் கூடவே ஏறும். அதனால் நூற்றுமுப்பது தட்டில் நல்ல லாபம் பார்க்கிற கான்டீன், நூற்று அறுபதில் கையைச் சுட்டுக்கொள்ளலாம். அடுத்த வருஷம் புதிதாக ஒரு துறை தொடங்கினால் அண்ணாச்சிக்கு இந்தக் கேள்வி வரும்.

இப்போது அவருடைய கல்லாவுக்குப் பின்னால் ஒரு சிலேட்டு தொங்குகிறது. மாலையில் பூட்டுவதற்கு முன், அன்றைய விற்பனையை எழுதுவதில்லை. பொருள் செலவு கழித்து நின்ற மிச்சத்தை எழுதுகிறார். முழு நாளில் 7,250 நின்றால், அதில் 5,000 அந்த மாதத்து வாடகைக்கும் சம்பளத்துக்கும். மீதி 2,250ஐக் கல்லாவில் வைப்பதில்லை, கூட்டுறவு வங்கியில் தனிக் கணக்கு. பாஸ்புக்கின் அட்டையில் அவருடைய மகள் பேனாவால் 'மே' என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள்.